‘பொறுப்பே கிடையாது’ என்று எழுதலாமா?

வணக்கம் ஐயா. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். என் கீழே ஒரு லேப் பையன். மணிக்கொரு முறை கூழின் சர்க்கரை அளவான பிரிக்ஸைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டியவன், பல நாள் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறான். சீசனில் ஒருநாள் 12 டிரம்மை நிறுத்திவைத்து மறுபடி சோதிக்க வேண்டியதாகிவிட்டது. அப்ரைசல் பாரத்தில் “பொறுப்பே கிடையாது, சொன்னாலும் திருந்துவதில்லை” என்று எழுதினேன். ஹெச்.ஆர். திருப்பி அனுப்பிவிட்டார்கள். நடந்ததைத்தானே எழுதினேன்? தேன் தடவி எழுதச் சொல்கிறார்களா?
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

தேன் தடவ வேண்டாம். 12 டிரம் நின்றது பாரத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். உங்கள் வரியில் அதுதான் இல்லை.

ஓசூரில் என் முதல் வேலையில் “ஒத்துழைப்பு போதாது” என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தார்கள். தனியாகச் சாப்பிடுவதைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, ஒரு வருடம் கேன்டீனில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன். மறுவருடமும் அதே வரி. ஷிப்ட் முடியும்போது இயந்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்று அடுத்தவரிடம் சொல்லாமல் கிளம்பிவிடுகிறேன் என்பதுதான் அவர்கள் குறை. அதை முதலிலேயே எழுதியிருந்தால் ஒரே வாரத்தில் சரிசெய்திருப்பேன்.

அதனால் முதலில் பதிவேட்டைத் திறந்து எண்ணுங்கள். ‘பல நாள்’ என்பது எத்தனை நாள்? எந்த மணிக் கட்டங்கள்? ஒரு பேச்சுக்கு, ஜூன் மாதத்தில் 9 நாள், எல்லாமே மதியம் 1 மணி, 2 மணிக் கட்டங்கள் என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காலை முழுக்க ஒழுங்காக எழுதியவர் அந்த இரண்டு மணி நேரத்தில் மட்டும் ஏன் விட்டார்? பொறுப்பில்லாதவர் என்றால் நாள் முழுக்க அங்கங்கே விட்டிருப்பாரே. பாரத்தில் எழுதுவதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பெங்களூரா மாம்பழ லோடு வண்டிகள் அந்த நேரத்தில் வரிசையாக வந்து, மாதிரி எடுக்க அவரை கேட்டுக்கு அனுப்பியிருக்கலாம். பிரிக்ஸ் அளக்க இருக்கிற ஒரே ரிஃப்ராக்டோமீட்டரை அவர் கையோடு எடுத்துப் போயிருக்கலாம். அப்படியானால் குறையில் பாதி உங்கள் ஏற்பாட்டில் இருக்கிறது. அதையும் எழுத வேண்டியதுதான்.

அப்புறம் வரி இப்படி வரும்:

“ஜூனில் 9 நாட்கள் மதியம் 1, 2 மணி பிரிக்ஸ் அளவு பதிவாகவில்லை. அதனால் ஒருநாள் 12 டிரம்மை நிறுத்தி, எடுத்துவைத்த மாதிரியை மறுபடி சோதிக்க நேர்ந்தது. அந்த நேரத்தில் லோடு மாதிரி எடுக்கும் வேலையும் இவரிடமே இருந்தது. நவம்பரில் கொய்யா தொடங்கும்போது லோடு மாதிரியை வேறொருவர் எடுப்பார். இவர் மணிக்கொரு அளவை எடுத்து எழுதி, ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் பதிவேட்டைக் காட்டிக் கையெழுத்து வாங்குவார். முதல் 4 வாரம், வெள்ளிக்கிழமைதோறும் நானும் அவரும் சேர்ந்து பார்ப்போம்.”

இது உங்கள் முதல் வரியைவிடக் கனமானது. 9, 12 என்ற எண்களோடு யாரும் வாதாட முடியாது. ‘பொறுப்பில்லை’ என்றால் அரைமணி நேரம் வாதாடலாம். டிரம் நின்றதை விட்டுவிடாதீர்கள். டிரம்முக்குள் கிருமியில்லாமல் கூழ் அடைத்த அசெப்டிக் பையை ஒருமுறை திறந்தால் அதன் சுத்தம் போய்விடும், பிரித்துப் பார்க்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். ஒரு வெற்றுக் கட்டத்தால் என்ன நின்றுபோகிறது என்று அந்த வாக்கியம்தான் அவருக்குக் காட்டும்.

ஒரு இடத்தில் கவனம் வேண்டும். “கட்டம் வெறுமையாக இருக்கக் கூடாது” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சாயங்காலம் உட்கார்ந்து ஊகத்தில் நிரப்பிவிடுவார்கள். வெற்றுக் கட்டமாவது கண்ணில் படும், பொய் எண் படாது. எல்லா மணிக்கும் ஒரே அளவு வரிசையாக இருந்தாலோ, ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதியது போல இருந்தாலோ சந்தேகப்படுங்கள். வெள்ளிக்கிழமை பார்க்கும்போது எடுத்துவைத்த மாதிரியில் இரண்டை நீங்களே சோதித்து, பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். எண்ணை இட்டுக்கட்டியது உறுதியானால் அது அப்ரைசலில் ஒரு வரியாக முடிகிற விஷயம் இல்லை. மேலாளரிடம் தனியாகக் கொண்டுபோக வேண்டும்.

“சொன்னாலும் திருந்துவதில்லை” என்பதற்கு, எந்தத் தேதியில் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருந்தால் எழுதுங்கள். வேலைக்கு நடுவே நின்றபடி அதட்டியது மட்டும்தான் என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். லோடு வேலையை மாற்றிக் கொடுத்த பிறகும் 4 வாரத்தில் கட்டங்கள் விடுபட்டால், அந்த வெள்ளிக்கிழமைத் தேதிகளோடு அடுத்த பாரத்தில் தாராளமாக எழுதலாம்.