சிங்கப்பூர் நைட் ஷிஃப்ட், ஞாயிறு சம்பளம்: கணக்கு எங்க இடிக்குது?

"வக்கீல் சார், நாங்க தேவகோட்டை. மகன் சிங்கப்பூர்ல கம்பெனி வேலை, பேசிக் 900 வெள்ளி, நைட்டுக்கு 6 வெள்ளி அலவன்ஸ். ஞாயித்துக்கிழமை 11 மணி நேரம் பாத்ததுக்கு ஓவர்டைம், அதாவது ஓடி, 1.5 மடங்குனு போட்டு அலவன்ஸோட 83.88 குடுத்திருக்காங்க. இது சரியா?"

சரியில்லக்கா, குறைச்சிருக்காங்க. நீங்க அனுப்புன பே ஸ்லிப் ஃபோட்டோவுல ஞாயித்துக்கிழமையும் சாதா ஓடி மாதிரி ஒரே வரியில நிக்குது, தப்பு அங்கதான்.

அங்க சட்டப்படி ஒரு மணி நேர ரேட் இப்படி வரும்: 12 × 900 ÷ (52 × 44) = 4.72 வெள்ளி. ஓடின்னா இதுல ஒன்றரை மடங்கு, 7.08. கம்பெனி 11 மணி நேரத்தையும் இதால பெருக்கி 77.88 ஆக்கி, அலவன்ஸ் 6 சேத்துருக்கு. ஆனா வார ஓய்வு நாளான ரெஸ்ட் டே வேலைக்கு மணிக்கணக்கு கிடையாது, நாள் கணக்கு. முதலாளி கூப்பிட்டு, வழக்கமான வேலை நேரத்துல பாதிக்கு மேல பாத்தா ரெண்டு நாள் சம்பளம். வாரம் ஆறு நாள் வேலைன்னா ஒரு நாளுக்கு 12 × 900 ÷ 312 = 34.62, ரெண்டு நாளுக்கு 69.23. அவருக்கு வழக்கமா 8 மணி நேரம்னு வச்சுக்கிட்டா மிச்ச 3 மணிக்குத்தான் ஓடி, 21.24. மொத்தம் 90.47, அதோட அலவன்ஸ் 6 சேத்து 96.47. ஒரு ஞாயித்துக்கு 12.59 வெள்ளி போகுது, நாலு ஞாயிறுன்னா அம்பது வெள்ளிக்கு மேல.

அந்த 6 வெள்ளிய பேசிக்ல சேத்து பெருக்கக் கேக்காதீங்க, நம்ம பயலுக நிறைய பேரு இதுலதான் சறுக்குறாங்க. நைட் அலவன்ஸ் அங்க சட்டத்துல இல்ல, ஒப்பந்தத்துல எழுதினாத்தான் உண்டு, பேசிக் ரேட்டுலயும் அது சேராது, தனியா மேல வைக்கிறதுதான்.

இன்னொன்னு, ஞாயிறுன்னாலே ரெஸ்ட் டே ஆயிடாது. மாசம் பொறக்குமுன்ன கம்பெனி குடுக்குற ரோஸ்டர்ல எந்த நாளோ அதுதான். ஷிஃப்ட் ஆளுக்கு தொடர்ச்சியா 30 மணி நேர ஓய்வு வைக்கலாம். சனி ராத்திரி ஏறி ஞாயிறு காலை 8 மணிக்கு இறங்குனா அந்த வேலை ரெஸ்ட் டேல வராது, ஓய்வு அங்கிருந்துதான் ஆரம்பம், திங்க மத்தியானம் 2 மணி வரைக்கும். நடுவுல ஞாயிறு ராத்திரி கூப்பிட்டா அதுதான் ரெட்டைச் சம்பள வேலை.

கம்பெனி "அவரா கேட்டு வந்தாரு"ன்னு சொன்னா ரெண்டு நாள் ஒரு நாளாயிடும். அதனால சூப்பர்வைசர் வரச் சொன்ன வாட்ஸப் மெசேஜ, ரோஸ்டர், பே ஸ்லிப்போட தம்பிய பத்திரமா வச்சுக்கச் சொல்லுங்க. முதல்ல ஹெச்ஆர்ட்ட எழுத்துல கேக்கட்டும், மசியலன்னா அங்க சம்பளத் தகராறு பாக்குற TADM அமைப்புல மனு போடலாம். வேலையில இருக்கும்போது ஒரு வருஷத்துக்குள்ள, விட்டுட்டு ஊருக்கு வந்துட்டா கடைசி வேலை நாள்லேர்ந்து ஆறே மாசம்.