பதினைந்தாம் தேதிக்கு ரூம் என்றால் எந்த ராத்திரி?

கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் பயிற்சிக்குச் சேர்ந்த உங்கள் மகள், போன் அடித்தாலே பதறுவதாகச் சொன்னீர்கள். ஆங்கிலம் வராததுதான் காரணமோ என்று கேட்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே தமிழில் வரும் அழைப்பிலேயே சறுக்குகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சென்னையிலிருந்து ஒரு ஆச்சி பேசுகிறார் என்று வையுங்கள். "சாமி கும்பிட, படைப்புக்கு வர்றோம் ஆத்தா, 15, 16 ரெண்டு நாளைக்கு ரெண்டு ரூம் வேணும்." பிள்ளை 15 முதல் 17 வரை என்று எழுதிவிட்டு போனை வைத்துவிடுகிறாள். ஆச்சி வீட்டார் 14 ராத்திரி சென்னையில் ரயில் ஏறி, விடிவதற்குள் காரைக்குடியில் இறங்கி, ஐந்து மணிக்கு வாசலில் நிற்கிறார்கள். ரூமில் முந்தின நாள் விருந்தாளி தூங்கிக்கொண்டிருக்கிறார். மதியம்தான் காலியாகும். வயசானவர்கள் அதுவரை திண்ணையில். அது போக, 16 ராத்திரி வண்டிக்கே அவர்கள் திரும்புகிறார்கள். தேவைப்படாத அந்த ராத்திரி பில்லில் ஏறி நிற்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆச்சி நாளைக் கணக்கிட்டார், ஹோட்டல் ராத்திரியைக் கணக்கிட்டது.

ஆகவே தேதி சொன்னவுடன் இரண்டு கேள்வி: "எத்தனை மணிக்கு வந்து சேருவீங்க? என்னைக்கு, எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க?" விடிகாலை வருகிறார்கள் என்றால் 14 ராத்திரிக்கும் ரூம் போடுவதா, பெட்டியை வைத்துக் குளிக்க மட்டும் இடம் தருவதா என்பது மேனேஜர் முடிவு. பயிற்சிக்கு வந்த பிள்ளை அதைத் தானாக ஒத்துக்கொள்ளக் கூடாது. "கேட்டுட்டுப் பத்து நிமிஷத்துல நானே கூப்பிடுறேன்" என்று நம்பரை வாங்கிக்கொள்ளலாம். பதில் கிடைக்காவிட்டாலும் பத்தாவது நிமிஷம் கூப்பிட்டு, இன்னும் பதில் வரவில்லை என்று சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், எழுதியதைத் திருப்பிப் படிப்பது. போனில் பதினாறும் பதினேழும் ஒன்று போலக் காதில் விழும். கிழமையையும் சேர்த்துச் சொன்னால் தப்பு உடனே பிடிபடும். 14 ராத்திரிக்கும் ரூம் போட மேனேஜர் சொல்லிவிட்டால் இப்படி: "14 வியாழன் ராத்திரி, 15 வெள்ளி ராத்திரி, 16 சனி சாயங்காலம் கிளம்புறீங்க. ரெண்டு ரூம், ஆறு பேர். சரிங்களா?" நம்பரை ஐந்து ஐந்தாகப் பிரித்துச் சொல்லட்டும்.

ஆச்சி என்று கூப்பிடலாமா? அவர் பேசும் விதத்திலேயே தெரிந்துவிடும். தெரியாவிட்டால் மேடம் போதும்.

இன்று ராத்திரி நீங்கள் பக்கத்து அறையிலிருந்து அவளுக்கு போன் போட்டு ரூம் கேளுங்கள். வரும் நேரத்தை மட்டும் அவள் கேட்கும்வரை சொல்லாதீர்கள்.