நிழல் இடத்தில் சந்தோஷமான கார்டு வந்தால்

கேள்வி: தோழிகளுக்கு டாரட் பார்க்கிறேன். கார்டுகளை வரிசையாக வைக்கும் ஸ்ப்ரெட்டில் ‘நிழல்’ என்று ஓர் இடம் வைத்து, அங்கே வருவதை அவர்களுடைய மறைந்த பயமாகப் படிக்கிறேன். அங்கே நல்ல கார்டு வந்துவிட்டால் என்ன சொல்வது?

பதில்:

நல்ல கார்டு வந்தால்தான் அந்த இடத்துக்கே வேலை வருகிறது. நைன் ஆஃப் சுவார்ட்ஸ் வந்தால், கட்டிலில் எழுந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கும் ஆளைப் பார்த்ததும் வந்தவரே “ஆமா, தூக்கமே இல்லை” என்று ஆரம்பித்துவிடுவார். அது அவருக்கு ஏற்கெனவே தெரிந்த பயம். நிழலில் இருப்பது அவர் இன்னும் பெயர் வைக்காதது.

டாரட் நூலாசிரியர் ஏ. இ. வெயிட் 1910-இல் எழுதிவைத்த கெல்டிக் கிராஸ் என்ற ஸ்ப்ரெட் முறையில் ஒன்பதாவது இடம் ‘நம்பிக்கைகள் அல்லது பயங்கள்’. இரண்டையும் ஒரே இடத்தில் போட்டது குழப்பம் என்று முன்பு நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஆசைப்படுவதையே பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். நல்ல கார்டை நிழலில் பார்க்கும்போது நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இது கிடைத்துவிட்டால் இவருக்கு என்ன கெடும்?

ஒருமுறை வந்த பெண்ணின் கேள்வி, வேலையில் டீம் லீடர் பதவியை ஏற்பதா வேண்டாமா என்பது. நான்கு கார்டுகள் வைத்தேன். இப்போதைய நிலைக்கு எய்ட் ஆஃப் பென்டகிள்ஸ், அவரைப் பதவியின் பக்கம் இழுப்பதற்கு ஏஸ் ஆஃப் பென்டகிள்ஸ், நிழலுக்கு சிக்ஸ் ஆஃப் வாண்ட்ஸ், அடுத்த அடிக்கு த்ரீ ஆஃப் பென்டகிள்ஸ். சிக்ஸ் ஆஃப் வாண்ட்ஸ் வெற்றி ஊர்வலம். தலையில் மாலை சூடிய ஒருவன் குதிரைமேல் வருகிறான். சுற்றிலும் கோலேந்தி மற்றவர்கள் நடந்து வருகிறார்கள்.

“உங்களுக்குத் தோல்வி பயம்” என்று சொல்லியிருக்கலாம். அவரும் தலையாட்டியிருப்பார். யாரிடம் சொன்னாலும் பொருந்துகிற வாக்கியம் அது. அதனாலேயே அதை நம்பக் கூடாது. அர்த்தம் எதுவும் சொல்லாமல் கார்டை அவர் பக்கம் திருப்பி, “இதுல நீங்க யாரு?” என்று மட்டும் கேட்டேன். குதிரைக்காரனைக் காட்டுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் நடந்து வருகிறவர்கள்மேல் விரலை வைத்தார்.

அதற்கப்புறம் பயத்துக்கு வாக்கியம் அமைக்க வேண்டும். “இது நடந்தால், இன்னது ஆகிவிடுமோ” என்ற வடிவத்தில் அமைப்பேன். நம் தமிழில் அந்த ‘ஓ’ ஒரு வசதி. தீர்ப்பாகவும் ஒலிக்காது, மறுக்கவும் இடம் விடும். பக்கத்துக் கார்டையும் சேர்த்துப் படித்தேன். எய்ட் ஆஃப் பென்டகிள்ஸில் ஒருவன் தலை நிமிராமல் தன் பெஞ்சில் தட்டிக்கொண்டிருக்கிறான். அங்கிருந்து குதிரைக்குப் போனால் உயரம் மாறுகிறது. “மேல ஏறிட்டா, கூட உட்கார்ந்து சாப்பிட்டவங்க தள்ளிப் போயிடுவாங்களோ?” என்றேன்.

உடனே பதில் வரவில்லை. தண்ணீர் குடித்தார். பிறகு, “அக்கா, எங்க செட்ல ஒருத்தி சீனியர். அவளுக்குக் கிடைக்கல” என்றார். சம்பளம், பொறுப்பு என்று அரைமணி நேரம் பேசியதில் அந்தத் தோழி ஒருமுறைகூட வந்திருக்கவில்லை.

நான் பார்க்கும் அடையாளம் அதுதான்: பேச்சு புதிய, குறிப்பான ஓரிடத்துக்குப் போகிறதா? “ஆமா ஆமா, கரெக்ட்” என்று வேகமாக வந்தால் நான் பொதுவாக எதையோ சொல்லியிருக்கிறேன். “இல்லையே” என்று சொல்லிவிட்டு அடுத்த கார்டுக்குப் போனால் தவறாகப் படித்திருக்கிறேன், அங்கேயே விட்டுவிடுவேன். ‘மறுக்கிறார், அப்படியென்றால் உண்மைதான்’ என்ற வாதத்தில் மட்டும் இறங்காதீர்கள். அதை வைத்து எதையும் யார் தலையிலும் கட்டலாம்.

இன்னொரு பொறி நாம்தான். கொஞ்ச காலம் எல்லோருடைய நிழலிலும் எனக்குத் தனிமைதான் தெரிந்தது. அது என் வீட்டுச் சரக்கு. அதனால் இப்போது கார்டு திரும்பியவுடன் எனக்கு முதலில் தோன்றுவதை ஒரு துண்டுத்தாளில் குறித்துக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். அவர் பேசி முடித்த பின் பார்ப்பேன். ஒரே சொல் மூன்று நான்கு பேருக்குத் தொடர்ந்து வந்திருந்தால் அது அவர்களுடையது அல்ல.

கார்டுக்கு அந்தத் தோழியைத் தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம். படம் ஒரு கேள்வியைக் கேட்க வைத்தது, அவ்வளவே. அடி, வன்முறை, சாக வேண்டும் என்ற எண்ணம் என்று பேச்சு திரும்பினால் நான் கார்டுகளை அடுக்கி எடுத்துவைத்துவிட்டு, மனநல மருத்துவரிடம் போகச் சொல்கிறேன்.

கடைசிக் கார்டான த்ரீ ஆஃப் பென்டகிள்ஸில் ஒரு கொத்தனும் வரைபடத்தோடு வந்த இருவரும் நின்று வேலையைப் பற்றிப் பேசுகிறார்கள். குதிரை இல்லை. அதை அவரே கவனித்தார். “கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அவகிட்ட நானே சொல்லிடறேன்” என்றார். பதவியை ஏற்றாரா என்று நான் கேட்கவில்லை.