நெற்றிச்சுட்டி மிதக்கிறது, எடிட்டர் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்

கேள்வி: கல்யாணப் படத்தில் பெண்ணுக்கு நெற்றிச்சுட்டி இல்லை. பணம் கொடுத்து எடிட்டிங்கில் சேர்க்கச் சொன்னோம். வந்த படத்தில் சுட்டி மேலே ஒட்டிய மாதிரி மிதக்கிறது. கேட்டால், "நிழல் போட்டுத்தான் கொடுத்திருக்கிறேன்" என்கிறார். திருத்தித் தரச் சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். ஆனால் "நன்றாக இல்லை" என்றால் வேலை நடக்காது, எங்கே தப்பு என்று காட்டிக் கேளுங்கள்.

அநேகமாக அவர் சுட்டி முழுவதற்கும் Drop Shadow என்ற ஒரே தானியங்கி நிழலைப் போட்டிருப்பார். அது உச்சி முதல் பதக்கம் வரை ஒரே தூரத்தில், ஒரே மங்கலில் விழும். நிஜத்தில் அப்படி விழாது. வகிட்டில் சங்கிலி தலையோடு படிந்திருப்பதால், அதையொட்டி மெல்லிய கருங்கோடு மட்டும்தான் இருக்கும். முடி முடிந்து நெற்றி தொடங்கும் இடத்தில் சங்கிலி லேசாகத் தூக்கி நிற்கும். அங்கே நிழல் கொஞ்சம் விலகி மங்கும். பதக்கம் தோலைத் தொடும் இடத்தில் மறுபடி ஒட்டிக்கொண்டு கறுக்கும். இந்த மாற்றம் வர, நிழலைத் தனி லேயரில், அடியிலுள்ள நிறத்தைக் கருமையாக்கும் Multiply முறையில் வைத்து, இடத்துக்கு இடம் கையால் வரைய வேண்டும். நிறமும் சுத்தக் கறுப்பாக இருக்கக் கூடாது. மூக்கடி நிழலிலிருந்து எடுத்த பழுப்பு பொருந்தும்.

திசைக்கும் மூக்கைத்தான் பாருங்கள். மூக்கின் நிழல் படத்தில் வலப்பக்கம் சாய்ந்திருந்தால், பதக்கத்தின் நிழலும் வலப்பக்கம்தான் சாய வேண்டும். மேகமூட்டத்தில் எடுத்த படம் என்றால் திசையே தெரியாது, பதக்கத்தின் ஓரத்தில் லேசான கறுப்பு போதும். அங்கே அழுத்தமான நிழல் போட்டாலும் தப்புதான்.

நிழல் சரியாக இருந்தும் உறுத்தினால் தங்கத்தின் பளபளப்பைக் கவனியுங்கள். வெளிச்சம் இடமிருந்து வரும்போது பதக்கம் வலப்பக்கம் மின்னினால், எந்த நிழலும் அதைக் காப்பாற்றாது. வேறு சுட்டிப் படம் வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி டிசைன் என்றால் இடவலமாகத் திருப்பிப் போட்டும் பார்க்கலாம். அப்புறம், வகிட்டோரத்தில் நாலைந்து முடியாவது சங்கிலிக்கு மேலே வந்து மறைக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

படத்தை 100% அளவில் திறந்து, தப்பான இடங்களை வட்டமிட்டு எழுத்தில் அனுப்புங்கள். இயல்பாகத் தெரிய வேண்டும் என்பது இந்த வேலைக்குள்ளேயே வருகிறது, எனவே இந்தத் திருத்தத்துக்குத் தனியாகப் பணம் கேட்பது நியாயமில்லை. சுட்டியின் டிசைனையே மாற்றச் சொன்னால் அது புது வேலை, அதற்குக் கொடுக்கத்தான் வேண்டும். மீதிப் பணம் பாக்கி இருந்தால், லேயர்களோடு Photoshop-இன் PSD கோப்பும் கைக்கு வந்தபின் கொடுங்கள். JPEG மட்டும் வாங்கினால், நாளை வேறொருவரிடம் போனாலும் அவர் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.