இரவு 7 மணிக்கும் 10 மணிக்கும் பார்த்தால் விடியற்காலை உறைபனி தெரியும்

கேள்வி: எங்கள் தோட்டம் தென்னாப்பிரிக்காவில், கேம்பர்டவுன் பக்கம் சரிவில் இருக்கிறது. போன ஜூலைக் குளிர்காலத்தில் வானொலியில் 3 டிகிரி என்றுதான் சொன்னார்கள். காலையில் போய்ப் பார்த்தால் கீழ் வயலில் உருளைக்கிழங்கு இலையெல்லாம் கருகிக் கிடந்தது. மேல் வயலுக்கு ஒன்றும் ஆகவில்லை. உறைபனி வரும் என்பதை அன்றிரவே தெரிந்துகொள்ள முடியுமா, ஐயா? புகை போடலாமா, தண்ணீர் தெளிக்கலாமா? கீழ் வயல் அரை ஹெக்டேர் இருக்கும்.

பதில்: வானொலியில் சொன்ன 3 டிகிரியில் தவறு இல்லை. அது நிலத்திலிருந்து ஏறத்தாழ ஆள் உயரத்தில், நிழற்கூண்டுக்குள் வைத்த வெப்பமானியின் கணக்கு. மேகமும் காற்றும் இல்லாத இரவில் மண்ணும் இலையும் தங்கள் வெப்பத்தை நேரே வானத்துக்கு இழந்துவிடுகின்றன. அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று குளிர்ந்து கனத்து நிலத்தோடு படிய, மேலே இருப்பது வெதுவெதுப்பாகவே நிற்கிறது. இதனால் ஆள் உயரத்தைவிடப் புல் மட்டத்தில் 3 முதல் 5 டிகிரி வரை குறைவாக இருப்பது வழக்கம். கனத்த காற்று தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குவதால், உங்கள் மேல் வயல் தப்பியது, கீழ் வயல் அகப்பட்டுக்கொண்டது.

நம் பகுதியில் எச்சரிக்கை முதலில் வானத்திலிருந்துதான் வரும். மலைப்பக்கத்திலிருந்து வெப்பமான பெர்க் காற்று வீசி, அதன் பின்னே குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பான குளிர்முகப்பு கடந்துபோனதும் வானம் துடைத்தாற்போல் தெளிந்துவிடும். முகப்பு கடந்த அன்றிரவு பெரும்பாலும் காற்று இருக்கும். அந்தக் காற்று ஓய்கிற அடுத்த இரவைத்தான் நான் அதிகம் அஞ்சுவேன்.

அந்த மாலையில் முதலில் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பாருங்கள். பளபளப்பான தகர டப்பா ஒன்றில் பாதி தண்ணீர் ஊற்றி, வெப்பமானியால் கலக்கிக்கொண்டே பனிக்கட்டியைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். டப்பாவின் வெளிப்புறம் மங்கத் தொடங்கும் கணத்தில் வெப்பமானி காட்டும் எண்தான் பனிநிலை. தண்ணீர் 0 டிகிரியை நெருங்கியும் டப்பா மங்கவில்லை என்றால், கொஞ்சம் உப்பும் சேர்த்து மேலும் குளிரவைக்கலாம். பனிநிலை 4 அல்லது 5 டிகிரியாக இருந்தால், அந்த அளவுக்குக் குளிர்ந்ததும் இலையில் பனித்துளி படியத் தொடங்கும். ஆவி நீராகும்போது வெளிவிடும் வெப்பம் குளிர்ச்சியை மந்தப்படுத்திவிடும். பனிநிலை 0 டிகிரிக்கும் கீழே போனால் அந்த உதவி கிடையாது. அப்படிப்பட்ட வறண்ட இரவில் வெள்ளைப் பூச்சு எதுவும் தெரியாமலேயே இலை கறுத்துப்போவதும் உண்டு.

அடுத்தது வெப்பமானி. அதை வீட்டுத் திண்ணையில் வைத்துப் பயனில்லை. கீழ் வயலின் மிகத் தாழ்ந்த இடத்தில், செடியின் உயரத்தில், வானம் பார்த்தபடி வையுங்கள். நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த கூழில் அது 0 காட்டுகிறதா என்று முன்பே சோதித்துவிடுங்கள், ஏனென்றால் நாம் கவலைப்படுவதே ஒன்றிரண்டு டிகிரிக்காகத்தான்.

இனிக் கணக்கு. சூரியன் மறைந்த முதல் இரண்டு மணி நேரத்தில் வெப்பநிலை வேகமாகச் சரியும். அதன் பிறகு, தெளிந்த அமைதியான இரவில், சரிவின் அளவு கடந்த நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அமைகிறது. அதாவது, முதல் 3 மணி நேரத்தில் எத்தனை டிகிரி குறைந்ததோ, 12 மணி நேரத்தில் அதைப் போல் இரு மடங்கு குறைந்திருக்கும். ஜூலைத் தொடக்கத்தில் நமக்குச் சூரியன் மாலை 5 மணி தாண்டி மறைந்து, காலை 7 மணிக்குச் சற்று முன் எழுகிறது. ஆகவே இரவு 7 மணிக்கும் 10 மணிக்கும் வெப்பமானியைப் பார்த்தால் போதும். 7 மணிக்கு 7 டிகிரி, 10 மணிக்கு 3 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 4, இரட்டித்தால் 8, விடியும்போது கழித்தல் 1 டிகிரி. உருளைக்கிழங்கு இலை கழித்தல் 1க்கும் 2க்கும் இடையில் சேதமடையத் தொடங்கும் என்பதால், அது காவல் வேண்டிய இரவு. மேகம் வந்தாலும், காற்று எழுந்தாலும், பனித்துளி படிந்தாலும் இந்தக் கணக்கு தவறும். பெரும்பாலும் நமக்குச் சாதகமாகவே தவறும். ஆனால் மாலையில் இருந்த மேகமோ காற்றோ நள்ளிரவில் விலகினால் கணக்கைவிடக் கீழே போய்விடும். சந்தேகம் இருந்தால் 1 மணிக்கு எழுந்து இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

புகை பயிரைக் காக்காது. புகைத்துகள்கள் மிகச் சிறியவை; நிலத்திலிருந்து எழும் வெப்பக்கதிரின் அலைநீளம் அவற்றைவிடப் பெரியதாகையால், கதிர் தடையின்றிப் போய்விடும். காலை வெயிலை மட்டும் புகை மறைத்து, பனி உருகுவதைத் தாமதப்படுத்தும். ஆனால் வேறொன்றுக்குப் புகையைப் பயன்படுத்தலாம். அமைதியான ஓர் இரவு 9 மணி வாக்கில் சரிவின் மேலே சிறிது ஈர வைக்கோலைப் புகையவிட்டு, விளக்கடித்துப் பாருங்கள். புகை தரையோடு நகர்ந்து எங்கே போய் நிற்கிறதோ, அங்கேதான் குளிர் தேங்குகிறது. கீழ் எல்லையில் அடர்ந்த வேலியோ உயர்ந்த புல்லோ அதை மறித்தால், அங்கே அகலமாக ஒரு வழி வெட்டிவிடுங்கள். ஒரே முறை செய்கிற வேலை இது. இதைவிட மலிவான காப்பு எனக்குத் தெரியாது.

மண்ணையும் தயார் செய்யலாம். உறைபனி எதிர்பார்க்கும் நாளுக்கு ஓரிரு நாள் முன்பாகவே, ஓர் அடி ஆழம் நனையும்படி பாய்ச்சுங்கள். ஈரமண் பகல் வெப்பத்தை நன்றாகச் சேர்த்துவைத்து இரவில் மேலே அனுப்பும். அதே நாள் மாலையில் பாய்ச்சினால், மேல்மண் ஈரம் ஆவியாகிக் குளிர்ச்சியைத்தான் கூட்டும். வரிசைகளுக்கிடையே வைக்கோல் மூடாக்கோ களையோ இருந்தால் மண்ணின் வெப்பம் வெளியே வராது. அந்த வாரங்களில் நிலம் வெறுமையாக இருக்கட்டும்.

தெளிப்பானைப் பற்றி மட்டும் சற்று எச்சரிக்கையாகச் சொல்கிறேன். தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம்தான் இலையைக் காக்கிறது. ஆனால் ஒரு லிட்டர் ஆவியாகும்போது உறிஞ்சும் வெப்பம், ஒரு லிட்டர் உறையும்போது தருவதைப் போல் ஏழு மடங்குக்கும் மேல். ஆகவே இடைவிடாமல், மணிக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் விழ வேண்டும். குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 0 டிகிரிக்கு மேலே இருக்கும்போதே தொடங்கி, காலையில் பனிக்கட்டி உருகி, அந்த ஈர வெப்பமானி மறுபடி 0 டிகிரியைத் தாண்டிய பிறகே நிறுத்த வேண்டும். மேலே சொன்ன இரவில் பனிநிலை கழித்தல் 4 என்றால், காற்று 2.5 டிகிரிக்கு இறங்கும்போதே, அதாவது இரவு 10:45 வாக்கில், தெளிப்பான் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். காலை 8 மணி வரை 9 மணி நேரத்துக்கும் மேல். அரை ஹெக்டேருக்கு மணிக்கு 15,000 லிட்டர் வீதம் மொத்தம் 1,35,000 லிட்டருக்குக் குறையாமல் செலவாகும். நடுவில் மின்சாரம் போனாலோ, முனை உறைந்து அடைத்தாலோ, நனைந்த செடி நனையாத செடியைவிட மோசமாகச் சேதமாகும். அத்தனை தண்ணீரும், மின்சாரம் நின்றால் ஓட்ட டீசல் பம்பும் இல்லாதவர்கள் இதைத் தொடங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் நிலத்துக்கு நான் சொல்வது இதுதான்: வேலியைத் திறந்துவிட்டு, முன்கூட்டியே பாய்ச்சி, புகை தேங்கிக் காட்டிய வரிசைகளை மட்டும் சாக்கால் மூடுங்கள். குச்சி நட்டு, சாக்கு இலையைத் தொடாமல், ஓரங்கள் தரையில் படும்படி பிற்பகல் 4 மணிக்கே மூடிவிட வேண்டும், ஏனென்றால் சிறைபிடிக்க வேண்டியது அன்றைய வெயில் மண்ணில் விட்டுச்சென்ற வெப்பத்தை. 10 மணிக் கணக்கைப் பார்த்துவிட்டு மூடுவதற்குள் அதில் பெரும்பங்கு போயிருக்கும். எனவே மூடுவதா வேண்டாமா என்பதை வானமும் தகர டப்பாவும் முடிவு செய்யட்டும். 10 மணிக் கணக்கு, மூடாத வரிசைகளுக்கும் கைவசம் உள்ள சாக்கைக் கொண்டுபோக வேண்டுமா என்பதற்கு.