குறட்டையின் நடுவில் வரும் அமைதி

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. பல வருடமாகக் குறட்டை விடுகிறார். நடுவில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது, அப்புறம் பெரிதாக ஆரம்பிக்கும். இது சாதாரணக் குறட்டைதானா, டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

பதில்: காட்டுங்கள். நீங்கள் எழுதியதில் எனக்குக் கவலை தருவது அந்தச் சத்தம் அல்ல, நடுவில் வரும் அமைதிதான்.

ஊதிய பலூனின் வாயை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தால் காற்று கீச்சென்று வெளியேறும். முழுதாக இறுக்கிவிட்டால் சத்தம் நிற்கும், காற்றும் நிற்கும். தொண்டையில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். நாக்கால் மேல் அண்ணத்தைத் தடவிப் பாருங்கள். முன்பக்கம் கெட்டியாக இருக்கும், பின்னால் போகப்போக மெத்தென்று ஆகும். அந்த மெல்லண்ணத்தின் நுனியில்தான் உள்நாக்கு தொங்குகிறது. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்துவிடும். மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதியும் பின்னால் சரியும். வழி குறுகுவதால் காற்று வேகமாகப் பாய, மெல்லண்ணம் காற்றில் துணி மாதிரி படபடக்கிறது. அதுதான் குறட்டை. அதாவது, காற்று போய்க்கொண்டிருக்கிறது.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஏப்னியா என்ற நோயில் அந்த வழியே மூடிக்கொள்கிறது. நெஞ்சும் வயிறும் மூச்சுக்காக ஏறி இறங்கும், ஆனால் காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை அரைகுறையாக விழித்துத் தசைகளை இறுக்குகிறது. அப்போதுதான் அந்தப் பெரிய சத்தத்துடன் மூச்சு திரும்புகிறது. காலையில் அவருக்கு இது எதுவும் நினைவிருக்காது.

ஒரு நாள் விடியற்காலை நான்கு மணி வாக்கில், தலையும் நெஞ்சும் தெரியும்படி அரை மணி நேரம் செல்போனில் வீடியோ எடுங்கள். கனவுத் தூக்கம் அதிகமாக வரும் அந்த நேரத்தில் தசைகள் இன்னும் தளர்ந்திருக்கும். மூச்சு 10 விநாடிக்குக் குறையாமல் நின்ற தடவைகளை எண்ணுங்கள். உதாரணமாக, அரை மணியில் எட்டுத் தடவை என்றால் மணிக்கு 16. மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைவதும் சேர்ந்து மணிக்கு 5 முறை தாண்டினாலே மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள். 15-க்கு மேல் நடுத்தரம், 30-க்கு மேல் தீவிரம். அப்படிக் குறையும் மூச்சு வீடியோவில் சரியாகத் தெரியாது. அதனால் எண்ணிக்கை குறைவாக வந்தால் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சரியான கணக்கைத் தூக்கப் பரிசோதனைதான் சொல்லும். வீடியோவைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நுரையீரல் மருத்துவரிடமோ காட்டுங்கள்.

பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகுகிறதா, காலையில் தலைவலி இருக்கிறதா, மாத்திரை போட்டும் பிரஷர் அடங்கவில்லையா என்பதையும் சொல்லுங்கள். கண் சொருகுகிறது என்றால், டாக்டர் பார்த்து முடிவு சொல்லும்வரை அவர் வண்டி ஓட்ட வேண்டாம். மதுவும் தூக்க மாத்திரையும் தொண்டையை மேலும் தளர்த்தும், அவையும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். பரிசோதனைக்கு முன்பே குறட்டைக்கென்று மெல்லண்ணத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டால் சத்தம் குறையலாம். ஆனால் அடைப்பு நாக்கின் அடியில் இருந்தால் மூச்சு நிற்பது அப்படியே தொடரும். அப்போது உங்களை எழுப்பச் சத்தமும் இருக்காது.