நான் போனை எடுக்காவிட்டால் அவர் உடைந்துபோய்விடுவாரா?

கேள்வி: என் கணவருக்குப் பதற்ற நோய் இருப்பதாக மனநல மருத்துவர் சொல்லிச் சில மாதங்கள் ஆகின்றன. மாத்திரை சாப்பிடுகிறார். இதயத்தில் கோளாறு இல்லை என்று எல்லாச் சோதனையும் பார்த்தாகிவிட்டது. ஆனாலும் நெஞ்சு படபடத்தால் உடனே எனக்குப் போன். "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்பார். ஆகாது என்பேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே கேள்வி. மீட்டிங்கிலும் போன் கையிலேயே இருக்கிறது. ராத்திரி அவர் தூங்கும்வரை நானும் விழித்திருக்கிறேன். அவருடைய அண்ணனுக்குக்கூடச் சொல்லக்கூடாதாம், "நீ இருந்தா போதும்" என்கிறார். எனக்கு முடியவில்லை. விலகினால் உடைந்துபோய்விடுவாரோ என்று பயமாகவும் இருக்கிறது.

பதில்: சகோதரி, "ஆகாது" என்று நீங்கள் சொன்னதும் அவருக்கு நிம்மதி வருகிறதே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. திடீர் பீதி பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அப்புறம் தானாக இறங்கத் தொடங்கும். அது இறங்குவதற்குள் உங்கள் குரல் கேட்டுவிடுவதால், "அவள் பேசினாள், அதனால் தப்பித்தேன்" என்று அவர் மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. தானாகவே தணியும் என்பதைப் பார்க்க அவருக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அடுத்த போன் சீக்கிரம் வருவது அதனால்தான்.

இதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. படபடப்பு இல்லாத ஒரு நேரமாகப் பார்த்து, இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். வேலை நேரத்தில் இரண்டு போன், எந்தெந்த மணிக்கு என்று அவரே சொல்லட்டும். நடுவில் பயம் வந்தால், மணியையும், பயம் பத்துக்கு எவ்வளவு என்பதையும் ஒரு தாளில் எழுதிவிட்டு 20 நிமிடம் கழித்து மறுபடி எழுதட்டும். 8 என்று எழுதியவர் அடுத்து 5 என்று எழுதினால், அந்த இறக்கத்துக்கு நீங்கள் காரணமில்லை என்பது அவர் கையெழுத்திலேயே இருக்கும். நீங்கள் ஆயிரம் தடவை சொல்வதைவிட அந்தத் தாளை அவர் நம்புவார்.

வீட்டில் அதே கேள்வி வந்தால் ஒருமுறை பதில் சொல்லுங்கள். இரண்டாவது முறை, "பயமா இருக்குன்னு தெரியுது. இதுக்கு ஏற்கெனவே பதில் சொல்லிட்டேன். உங்களால தாங்க முடியும், நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உங்கள் வேலையைப் பாருங்கள். முதல் சில நாட்களில் கேள்விகள் கூடும், கோபமும் வரும். முறை தோற்றுவிட்டது என்று அப்போது நினைத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் ஐந்தாவது தடவைக்கு இறங்கிப்போனால், ஐந்து தடவை கேட்க வேண்டும் என்றுதான் அவர் மனம் கற்றுக்கொள்ளும். நான் பார்த்த குடும்பங்களில் பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

இந்த விதி எதுவும் பொருந்தாத ஒரு விஷயம் உண்டு. "செத்துப்போகலாம் போல இருக்கு", "நான் இல்லாட்டி உனக்கு நிம்மதி" என்று அவர் சொன்னால், எந்த மணியாக இருந்தாலும் போனை எடுங்கள். உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா, எப்படி என்று யோசித்திருக்கிறாரா என நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. தனியே விடாமல், மாத்திரைகளை எடுத்து வைத்துவிட்டு, உடனே மருத்துவரிடமோ அவசர சிகிச்சைக்கோ அழைத்துப் போங்கள்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். நோயைப் பற்றி யாரிடம் சொல்வது என்பது அவர் உரிமை. ஆனால் "யாருக்குமே சொல்லாதே" என்பது உங்கள் வாயையும் சேர்த்துக் கட்டுகிறது. அண்ணனோ நண்பரோ, ஒருவரை அவரே தேர்ந்தெடுக்கட்டும். முழுக் கதை தேவையில்லை. "எனக்குப் பதற்றத்துக்கு வைத்தியம் நடக்குது, வாரத்துல ஒருநாள் என்கூட நடக்க வா" என்பது போதும். 'தம்பியைப் பார்த்துக்கொள்' என்று பொதுவாகக் கேட்டால், வருகிறவர் அறிவுரை சொல்லிவிட்டுப் போய்விடுவார். கிழமை, நேரம் குறித்து ஒரு வேலையாகக் கேட்டால்தான் அது நிற்கும். நீங்களும் உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரிடம் உங்கள் களைப்பைச் சொல்லுங்கள். அவருடைய அந்தரங்கத்தைத் தொடாமலே சொல்ல முடியும்.

தூக்கத்துக்கு மட்டும் பேரம் வேண்டாம். உங்கள் நேரத்துக்கு நீங்கள் படுத்துவிடுங்கள். படுக்கப்போகும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை அவர் சம்மதத்தோடு மருத்துவரிடம் கூடவே போய், போன்கள் எத்தனை, ராத்திரி எப்படி என்று அந்தத் தாளைக் காட்டுங்கள். மாத்திரையோடு சேர்த்து அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை தர முடியுமா என்று கேளுங்கள். பயத்தை ஓடாமல் எதிர்கொள்ளும் பயிற்சி அதில் உண்டு. இப்போது அந்தப் பயிற்சியாளர் வேலையையும் நீங்களே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதை அந்த அறையில் ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.